பவர் வீல்சேரை இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது: அப்பீல் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி:

மேடம், நாங்கள் டெக்சஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். என் மகனுக்கு 11 வயது, டூஷேன் தசைச் சிதைவு நோய். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடப்பான், அடிக்கடி விழுகிறான். டாக்டர் பவர் வீல்சேருக்கு எழுதிக் கொடுத்தார். என் கம்பெனி இன்சூரன்ஸ் "மருத்துவ ரீதியாக அவசியமில்லை, கையால் தள்ளும் வீல்சேர் போதும்" என்று மறுத்துவிட்டது. சீட்டைச் சாய்க்கிற வசதியும் உயர்த்துகிற வசதியும் "சௌகரியத்துக்கானவை" என்கிறார்கள். டாக்டர் ஆபீஸில் கேட்டால் இன்னும் அழுத்தமாக ஒரு கடிதம் தருகிறோம் என்கிறார்கள். வீல்சேர் விற்பவர் தன்னிடம் ரெடியாக ஒரு கடிதம் இருக்கிறது, டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். எதை அனுப்புவது? டாக்டரின் பழைய கடிதத்தையும் மறுப்புக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

இரண்டையும் அனுப்ப வேண்டாம். கம்பெனி வழியாக வரும் இன்சூரன்ஸில் மறுப்புக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அப்பீல் செய்ய 180 நாள் அவகாசம் இருக்கிறது, அதனால் பதற்றத்தில் நாளைக்கே எதையாவது ஃபேக்ஸ் பண்ண வேண்டியதில்லை. ஆனால் நல்ல கடிதம் தயாராகச் சில வாரங்கள் பிடிக்கும், ஆகவே வேலையை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

முதல் வேலை கடிதம் எழுதுவது இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்து மூலமாக இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, இந்த மறுப்புக்கு அவர்கள் எந்த மருத்துவ விதிமுறையைப் பயன்படுத்தினார்கள், அதன் முழுப் பிரதி. இன்னொன்று, உங்கள் மகனின் கோரிக்கைக் கோப்பு முழுவதும், அதாவது அவர்களிடம் போய்ச் சேர்ந்த எல்லாக் காகிதமும் அவர்கள் உள்ளுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகளும். கேட்டால் இவற்றை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும், அது சட்டம். போனில் கேட்டு விட்டுவிடாதீர்கள். விதிமுறை கையில் வந்ததும் அதில் பவர் வீல்சேருக்கு என்னென்ன நிபந்தனை இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து வையுங்கள், நாம் எழுதப்போகிற கடிதம் அந்த நிபந்தனைகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லப்போகிற கடிதம்தான்.

அப்புறம், மறுப்புக் கடிதத்தில் சொல்லியிருக்கும் காரணத்தை ஒருமுறை உன்னிப்பாகப் பாருங்கள். உங்களுடையதில் "மருத்துவ ரீதியாக அவசியமில்லை" என்று இருக்கிறது, அது நல்லது, ஏனென்றால் அதை வாதாடி மாற்ற முடியும். "இது உங்கள் திட்டத்தில் இல்லாத பலன்" என்று எழுதியிருந்தால் கதை வேறு, அங்கே எவ்வளவு நல்ல மருத்துவக் கடிதமும் எடுபடாது, கம்பெனியின் மனிதவளத் துறையிடம்தான் போக வேண்டும். (அப்பா அம்மாவுக்குக் காது மெஷின் கேட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பலர். முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான வழக்கமான மெடிகேரில் காது மெஷின் சட்டத்திலேயே விலக்கப்பட்டிருக்கிறது. டாக்டர் எத்தனை பக்கம் எழுதினாலும் அது நகராது, தனியார் அட்வான்டேஜ் திட்டம் எதிலாவது அந்தப் பலன் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.) உங்கள் மறுப்பில் சீட் உயர்த்தும் வசதிக்கு மட்டும் இந்தச் சிக்கல் இருக்கலாம், திட்டப் புத்தகத்தில் அது பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

சரி, டாக்டரின் கடிதம். நோயின் பெயர், மரபணுப் பரிசோதனையில் உறுதியானது, ஸ்டீராய்டு எடுத்துக்கொள்கிறான், பவர் வீல்சேர் அவனுக்குப் பெரிதும் உதவும், பள்ளிக்குப் போகவும் நண்பர்களோடு வெளியே போகவும் பயன்படும், வாழ்க்கைத் தரம் மேம்படும், தயவுசெய்து அனுமதியுங்கள். எல்லாமே உண்மை, அந்த டாக்டர் அக்கறையானவர் என்பதும் தெரிகிறது. ஆனால் அதைப் படிக்கிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, இந்தக் கடிதம் அந்தப் பட்டியலில் உள்ள ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. அதை விட மோசம், "பள்ளி", "வெளியே" என்ற இரண்டு சொற்கள். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் இன்சூரன்ஸ்காரர்கள் வீல்சேர் விதியை மெடிகேரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், மெடிகேரின் விதி வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது: கழிப்பறைக்குப் போவது, சாப்பிடுவது, உடை மாற்றுவது, பல் விளக்கி முகம் கழுவுவது, குளிப்பது. இந்தக் காரியங்களை, வழக்கமாகச் செய்கிற அறையில், நியாயமான நேரத்துக்குள், ஆபத்தில்லாமல் அவனால் செய்துகொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி. வெளியில் போகத்தான் நாற்காலி என்று நாமே எழுதிக்கொடுத்தால் அவர்கள் அந்த வரியை எடுத்துக்காட்டியே மறுப்பார்கள். பள்ளி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை, அதைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் வீடுதான் முதலில் வர வேண்டும்.

ஆகவே "இன்னும் அழுத்தமாக" எழுதுவதில் பயனில்லை. யார் எழுதுவது என்பதை மாற்றுங்கள். உங்கள் மகன் போகும் நரம்புத்தசை கிளினிக்கிலோ குழந்தைகள் மருத்துவமனையிலோ வீல்சேர், இருக்கை மதிப்பீட்டுக்கென்று தனியாக ஒரு கிளினிக் இருக்கும். அங்கே ஒரு பிசியோதெரபிஸ்ட் அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அவனை நேரில் சோதித்து, நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, அளவெடுத்து எழுதுவதுதான் கடிதத்தின் உடல். டாக்டர் அதைப் படித்து, தன் பரிசோதனைக் குறிப்போடு ஒப்பிட்டு, ஒப்புக்கொண்டு கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். விற்பவரிடமிருந்து நாற்காலியின் மாடல், அளவு, பாகங்களின் பட்டியல் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எழுதிய மருத்துவக் காரணத்தை வாங்காதீர்கள். விற்கிறவர் தயாரித்த கடிதத்துக்கு, டாக்டர் கையெழுத்து இருந்தால்கூட, மெடிகேரே மருத்துவ ஆவணம் என்ற மதிப்புக் கொடுப்பதில்லை. தனியார் நிறுவனங்களில் இதைப் படிக்கிறவர்களும் ஒரே வாசகம் வேறு வேறு பிள்ளைகளின் பெயரில் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள்.

இப்போது கடிதத்துக்குள் போவோம். ஒரு வீல்சேர் கடிதம் ஏணி மாதிரி ஏற வேண்டும். மிக மலிவான உதவியில் ஆரம்பித்து, இது ஏன் போதாது, சரி அடுத்தது ஏன் போதாது என்று ஒவ்வொரு படியாக நிராகரித்துக்கொண்டே போய், கேட்கிற நாற்காலியில் நிற்க வேண்டும். ஒரு படியை விட்டுவிட்டாலும் மறுப்பு அந்தப் படியில்தான் வந்து விழும். உங்களுக்கு விழுந்தது "கையால் தள்ளும் வீல்சேர் போதும்" என்ற படியில், ஏனென்றால் பழைய கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதல் படி, கைத்தடியும் வாக்கரும். டூஷேனில் இடுப்பும் தொடையும் முதலில் பலமிழக்கின்றன, அதைத் தொடர்ந்து தோளும் பலமிழக்கிறது. வாக்கரின் மேல் எடையைப் போட்டு நிற்கத் தோளுக்கும் முழங்கைக்கும் பலம் வேண்டும், அது இவனிடம் இல்லை. இதைச் சொல்வதற்கு "பலவீனமாக இருக்கிறான்" என்று எழுதினால் போதாது, தசைப் பலத்தை 0 முதல் 5 வரை தரம் பிரித்து இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு, முழங்கை இவ்வளவு என்று எண்ணாக எழுத வேண்டும். விழுவதையும் அப்படித்தான். "அடிக்கடி விழுகிறான்" என்பதை யாரும் எடைபோட முடியாது. இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்த அறை, என்ன செய்யப்போய் விழுந்தான், எழுப்ப யார் தேவைப்பட்டார்கள், அடி பட்டதா என்று குறித்து வாருங்கள், நாலு வாரக் குறிப்பு போதும். விழுவது ஏன் இவனுக்குச் சாதாரண விஷயமில்லை என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும்: பல வருடம் ஸ்டீராய்டு எடுக்கும் டூஷேன் பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்துபோகிறது, தொடை எலும்பு ஒருமுறை முறிந்தால் மீதியிருக்கும் நடையும் அதோடு போய்விடக்கூடும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த அறிக்கையை இணையுங்கள்.

இரண்டாவது படிதான் உங்கள் வழக்கு. கையால் தள்ளும் வீல்சேர் ஏன் போதாது? இதற்குக் கருத்துச் சொல்லாமல் சோதனை செய்து காட்ட வேண்டும். தெரபிஸ்ட் உங்கள் மகனை அவன் அளவுக்குப் பொருத்திய மிக லேசான வீல்சேரில் உட்காரவைத்து, வீட்டில் இருப்பது போன்ற கார்ப்பெட் தரையில் தானே உருட்டச் சொல்ல வேண்டும். கனமான ஆஸ்பத்திரி வீல்சேரில் சோதித்தால் "லேசானதில் சோதிக்கவில்லையே" என்று திரும்பி வரும், அதனால் லேசானதிலேயே சோதிப்பது முக்கியம். எண்கள் அவனுடையவையாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் பத்தி எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு மாதிரி தருகிறேன், ஆங்கிலத்தில் தெரபிஸ்ட் இதே அமைப்பில் எழுதலாம்:

"அளவுக்குப் பொருத்தப்பட்ட மிக லேசான வீல்சேரில், கார்ப்பெட் தரையில் 30 அடி தூரத்தைத் தானே உருட்டிக் கடக்கச் சொன்னோம். 18 அடியில் நின்றுவிட்டான். அதற்குள் இரண்டு முறை நின்று ஓய்வெடுத்தான், 1 நிமிடம் 50 விநாடி ஆனது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 98-லிருந்து 146 ஆக உயர்ந்தது. தோளை முன்னுக்குத் தூக்கும் பலம் இரு பக்கமும் 5-க்கு 2+ மட்டுமே இருப்பதால், சக்கரத்தைத் தள்ள ஒவ்வொரு முறையும் உடம்பை முன்னே சாய்த்தான், சாய்ந்த பிறகு கையின் உதவி இல்லாமல் நிமிர முடியவில்லை. படுக்கையறையிலிருந்து கழிப்பறை 34 அடி. இந்தத் தூரத்தை அவனால் கையால் தள்ளும் வீல்சேரில் தானே கடக்க முடியாது. இந்நோயில் தசையை வரம்பு மீறி உழைக்கவைப்பது தசை இழைகளுக்குச் சேதம் விளைவிக்கும் என்பதால், பயிற்சியால் இந்த நிலை மேம்படும் என்று எதிர்பார்க்க முடியாது."

இதில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். சோதனை, அதன் அளவு, அளவுக்கு உடலில் உள்ள காரணம், அந்த அளவை வீட்டிலுள்ள ஒரு தூரத்தோடு ஒப்பிட்டது, கடைசியில் "பயிற்சி கொடுத்துப் பாருங்களேன்" என்ற அடுத்த கேள்விக்கு முன்கூட்டியே பதில். படுக்கையறையிலிருந்து கழிப்பறை வரைக்குமான தூரத்தை நீங்கள்தான் டேப் வைத்து அளந்து கொடுக்க வேண்டும், அதை வேறு யாரும் செய்ய மாட்டார்கள். கூடவே கதவுகளின் அகலத்தையும் அளந்துவிடுங்கள், கதவைத் திறந்து வைத்த பிறகு மிஞ்சும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும், சட்டத்திலிருந்து சட்டம் வரை இல்லை. கேட்கிற நாற்காலி அந்தக் கதவில் நுழையும், கழிப்பறையில் திரும்பும் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டிய விஷயம். நுழையாத நாற்காலி வீட்டுக்குள் பயன்படாது என்பது அவர்களுக்கு ஒரு தனி மறுப்புக் காரணம்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தப் படியில் இன்னொரு வாதம் வரும்: "பெற்றோர் தள்ளலாமே." பெற்றோர் பலருக்கு இதைப் படித்ததும் கோபம் வரும். ஆனால் கடிதத்தில் கோபத்துக்கு வேலையில்லை. 11 வயதுப் பையன் தானாகக் கழிப்பறைக்குப் போக வேண்டும், தாகம் எடுத்தால் சமையலறைக்குப் போக வேண்டும், தீ எச்சரிக்கை மணி அடித்தால் யாரும் வராமலே வாசலுக்குப் போக வேண்டும், இவையெல்லாம் அந்த வயதுப் பிள்ளை தானே செய்யும் காரியங்கள், தள்ளும் நாற்காலியில் இவை எல்லாவற்றுக்கும் இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று எழுதினால் போதும். இரவில் கழிப்பறைக்காக உங்களைக் கூப்பிட்டுக் காத்திருக்கும்போது தாமதமாகிவிடுகிறதா, அதையும் எழுதுங்கள். சங்கடமாக இருக்கும், ஆனால் இது மருத்துவத் தகவல்.

மூன்றாவது படி, ஸ்கூட்டர். கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும் ஸ்கூட்டருக்கு, தாங்கல் இல்லாமல் நிமிர்ந்து உட்காரும் உடம்பும் கையை முன்னே நீட்டி வைத்திருக்கும் தோளும் வேண்டும். இரண்டும் இவனுக்கு இல்லை, திரும்புவதற்கும் அது நிறைய இடம் கேட்கும், இருக்கையில் எந்த மாற்றமும் செய்ய முடியாது. இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது.

இதற்கு மேல், பவர் வீல்சேரை இவனால் பத்திரமாக ஓட்ட முடியும் என்பதற்குச் சான்று வேண்டும். டூஷேனில் விரல்களின் பலம் பல வருடங்களுக்குத் தங்கியிருக்கும், ஜாய்ஸ்டிக் அதனால்தான் சரிப்படுகிறது என்று காரணத்தோடு எழுத வேண்டும். கிளினிக்கில் ஓட்டிப் பார்த்த அறிக்கை இருந்தால் நல்லது: கதவு வழியாகப் போனானா, சொன்ன இடத்தில் நிறுத்தினானா, மேஜைக்கு அருகில் போய்த் திரும்பினானா, எத்தனை முறை சொல்லித்தர வேண்டியிருந்தது.

பவர் வீல்சேர்களிலும் தரம் இருக்கிறது. மெடிகேர் வகைப்பாட்டில் மூன்றாம் குழு நாற்காலி சிக்கலான இருக்கை வசதிகளைத் தாங்கக்கூடியது, நரம்பு நோய், தசை நோய், பிறவி எலும்புக் குறைபாடு இவற்றால் நடக்க முடியாதவர்களுக்கு அது உண்டு என்பது அங்கே விதி. டூஷேன் தசை நோய், ஆகவே இந்தப் படியில் உங்களுக்குப் பெரிய போராட்டம் இல்லை, ஆனால் அந்த வரி கடிதத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும். நோய் முன்னேறிக்கொண்டே போவது என்பதும் இங்கேதான் பயன்படும். ஒரு நாற்காலி சுமார் 5 வருடம் உழைக்க வேண்டும் என்பது மெடிகேரின் கணக்கு, தனியார் நிறுவனங்கள் பலவும் அதையே பின்பற்றுகின்றன. 11 வயதில் இவனுக்கு எளிய நாற்காலி ஒன்றைக் கொடுத்தால் அந்த 5 வருடத்துக்குள் நடை நின்றுவிடும், முதுகு வளையத் தொடங்கும், கை இன்னும் பலமிழக்கும், அப்போது அந்த நாற்காலியில் எதையும் கூட்ட முடியாது, இன்னொன்று வாங்க வேண்டிவரும். வளர வளர அகலத்தையும் ஆழத்தையும் கூட்டிக்கொள்ளும் சட்டகம், பின்னால் வேறு கட்டுப்பாட்டுக் கருவிகள் சேர்க்கக்கூடிய மின்னமைப்பு, இவற்றை இந்தக் கணக்கைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

இனி, "சௌகரியத்துக்கானவை" என்று தள்ளப்பட்ட பாகங்கள். விற்பவர் அனுப்பும் பட்டியலில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக இருக்கும், கடிதத்திலும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப் பத்தி இருக்க வேண்டும். இந்தப் பாகம் உடம்பில் உள்ள எந்தக் குறைக்காக, இல்லாவிட்டால் என்ன ஆகும், இதைவிட மலிவான மாற்று எது, அது ஏன் பயன்படாது. உங்கள் பழைய விண்ணப்பத்தில் நாற்காலிக்கு ஒரு காரணம் இருந்தது, பாகங்களுக்கு ஒன்றுமே இல்லை.

சாய்க்கும் வசதியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மிக அதிகமாக மறுக்கப்படுவதும் மிகத் தேவையானதும் அதுதான். நாமெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது நம்மை அறியாமலே இடுப்பை அசைத்து எடையை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். உங்கள் மகனால் கையை ஊன்றி இடுப்பைத் தூக்க முடியாது, பக்கவாட்டில் சாய்ந்து திரும்பி நிமிரவும் முடியாது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் அழுத்தம் விழும். முழு இருக்கையும், முழங்கால், இடுப்பு கோணம் மாறாமல், பின்னால் சாய்ந்தால் எடை இடுப்பிலிருந்து முதுகுக்குப் போகும். கொஞ்சம் சாய்த்தால் இது நடக்காது, குறைந்தது 30 டிகிரியாவது, முடிந்தால் அதற்கு மேலும் சாய வேண்டும். தெரபிஸ்ட் எழுத வேண்டியது: எடை மாற்றச் சொல்லிச் சோதித்தபோது என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் உட்காருகிறான், தோலில் சிவப்பு இருக்கிறதா, எங்கே, அழுத்தம் நீங்கி எவ்வளவு நேரம் கழித்து மறைகிறது. "மெத்தை போதாதா" என்பார்கள். மெத்தை அழுத்தத்தைப் பரப்பும், அதை நீக்காது, இரண்டும் தேவை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதும் இங்கேயே வரும், எக்ஸ்ரேயில் வளைவின் கோணம் இருந்தால் அதை எழுதுங்கள். சாய்மானத்தைப் பக்கத்திலுள்ளவர் கையால் இயக்கலாமே என்றால், அவனே ஜாய்ஸ்டிக்கில் இயக்கக்கூடிய ஒன்றை இன்னொருவர் அரை மணிக்கு ஒருமுறை வந்து செய்ய வேண்டும், பள்ளியிலோ இரவிலோ அது நடக்காது.

சீட்டை உயர்த்தும் வசதிக்கு உங்களிடம் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. நெடுங்காலம் மெடிகேரே அதை மருத்துவ உபகரணமாக ஏற்கவில்லை, தனியார் நிறுவனங்கள் அந்தப் பழைய நிலைப்பாட்டைத்தான் "சௌகரியம்" என்று எழுதிவந்தன. 2023 மே மாதத்தில் மெடிகேர் தன் முடிவை மாற்றி, தகுந்த நிலையில் பவர் வீல்சேரில் சீட் உயர்த்தும் வசதிக்குப் பணம் தருவதாக அறிவித்தது. காலில் எடை போட்டு இடம் மாறுகிறவர், இன்னொருவர் உதவியோடோ தூக்கும் கருவியோடோ இடம் மாற்றப்படுகிறவர், தினசரிக் காரியங்களுக்கு எட்ட வேண்டியிருக்கிறவர் என்று அங்கே நிலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. உங்கள் மகன் இன்னும் கொஞ்சம் நிற்கக்கூடியவன். தாழ்வான இருக்கையிலிருந்து எழ அவனால் முடியாது, ஆனால் இருக்கை உயர்ந்தால் தொடைக்கு அதிக வேலை இல்லாமல் சரிந்து நின்று கட்டிலுக்கு மாறிவிட முடிகிறதா என்று கிளினிக்கில் பாருங்கள். முடிந்தால், எந்த உயரத்தில் உதவி தேவைப்பட்டது, எந்த உயரத்தில் தேவைப்படவில்லை என்று அங்குலத்தில் எழுதுங்கள். தோள் தூக்க முடியாதவனுக்கு வாஷ்பேசின் குழாய் எட்டுகிறதா என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

இத்தனையும் சரியாக எழுதி அனுப்பியும் தோற்றுப்போகிற கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கடிதம் ஒன்று சொல்கிறது, டாக்டரின் வருகைக் குறிப்பு வேறொன்று சொல்கிறது. மருத்துவமனையின் ஆன்லைன் போர்ட்டலுக்குப் போய்க் கடந்த ஒரு வருடக் குறிப்புகளை முழுதாகப் படியுங்கள். "நடை: இயல்பு" என்றோ "உதவியின்றி நடக்கிறான்" என்றோ எங்காவது இருக்கும், சளி, காய்ச்சலுக்குப் போன நாளில் கம்ப்யூட்டர் தானாக நிரப்பிய வரியாக இருக்கும், போன வருகையிலிருந்து அப்படியே நகல் எடுத்ததாக இருக்கும். மறுப்பதற்குக் காரணம் தேடுகிறவருக்கு அந்த ஒரு வரி போதும். பழைய குறிப்பைத் திருத்தச் சொல்லாதீர்கள், அது தவறு, சந்தேகத்தையும் கிளப்பும். நரம்பியல் டாக்டரிடம் நடமாட்டத்துக்காகவே ஒரு புது அப்பாயின்ட்மென்ட் வாங்கி, அன்றைய பரிசோதனையை முழுசாக எழுதச் சொல்லுங்கள்: தரையிலிருந்து எழ முடிகிறதா, 10 மீட்டர் நடக்க எவ்வளவு நேரம், எதைப் பிடித்து நடக்கிறான், முந்தைய குறிப்பில் இருப்பதற்கும் இதற்கும் ஏன் வித்தியாசம். பள்ளியின் தெரபி அறிக்கையில் "வராந்தாவில் நடக்கிறான்" என்று இருந்தால் அதையும் மறைக்காமல், எவ்வளவு தூரம், யார் பிடித்துக்கொண்டு, அப்புறம் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்று சேர்த்து எழுதுங்கள்.

நடக்கவே முடியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பையன் சில அடி நடக்கிறான், அதை அப்படியே எழுதுங்கள். சுவரைப் பிடித்து 12 அடி நடக்கிறான், அதற்கு மேல் முழங்கால் மடங்கி விழுகிறான், கழிப்பறை 34 அடியில் இருக்கிறது. உண்மையான இந்த வாக்கியம் மிகைப்படுத்திய எதையும் விடப் பலமானது.

எல்லாம் சேர்ந்த பிறகு, அப்பீலை அனுப்பும் முன்போ அனுப்பியவுடனோ டாக்டரிடம் ஒரு உதவி கேளுங்கள்: இன்சூரன்ஸ் கம்பெனியின் மருத்துவரோடு டாக்டர் நேரடியாகப் போனில் பேச முடியும். எதிரில் பேசுகிறவர் நரம்புத்தசை நோய் பார்க்கிறவராக இருக்க வேண்டும் என்றில்லை, அதனால் உங்கள் டாக்டர் கையில் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும், லேசான வீல்சேர் சோதனையின் எண்கள், கழிப்பறைத் தூரம், எடை மாற்றச் சோதனை, அவ்வளவுதான். நாற்காலி வாங்கும் முன் செய்யும் அப்பீலுக்கு அவர்கள் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உள் அப்பீலிலும் மறுத்தால், இறுதி மறுப்பு வந்த 4 மாதத்துக்குள் வெளியிலுள்ள ஒரு சுதந்திர மறுஆய்வு அமைப்பிடம் அனுப்பக் கேட்கலாம், அது 45 நாளுக்குள் முடிவு சொல்லும், அந்த முடிவு இன்சூரன்ஸ் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தங்கள் பணத்திலிருந்தே மருத்துவச் செலவைக் கொடுக்கின்றன, இன்சூரன்ஸ் பெயர் நிர்வாகத்துக்கு மட்டும்தான். உங்களுடையது அப்படியா என்று மனிதவளத் துறையில் கேளுங்கள். அப்படியென்றால் டெக்சஸ் மாநில இன்சூரன்ஸ் துறையிடம் புகார் கொடுத்துப் பலனில்லை, மத்தியத் தொழிலாளர் துறைதான் கேட்கும் இடம். அதேசமயம் பணம் உங்கள் கம்பெனியுடையது என்பதால் மனிதவளத் துறையின் பலன்கள் பிரிவு தலையிட்டுப் பேச வழியும் இருக்கிறது.

மகன் அமெரிக்காவில் பிறந்தவன் என்றால் இன்னொன்றையும் இந்த வாரமே செய்யுங்கள். அரசு இன்சூரன்ஸான டெக்சஸ் மெடிக்கெய்டில் மருத்துவச் சார்புள்ள குழந்தைகளுக்கான எம்டிசிபி என்ற திட்டம் இருக்கிறது, அதில் பெற்றோரின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, குழந்தையின் நிலையைத்தான் பார்க்கிறார்கள். காத்திருப்புப் பட்டியல் நீளமானது, ஆகவே பெயரைப் பதிந்து வையுங்கள். கிடைத்தால், முதன்மை இன்சூரன்ஸ் கொடுக்காததை மெடிக்கெய்டிடம் கேட்கலாம், 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு அங்கே விதி தாராளமானது. அப்போதும் இதே கடிதமும் இதே மறுப்புக் கடிதங்களும்தான் தேவைப்படும், ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக, அவர்கள் "போதும்" என்று சொன்ன அந்தக் கையால் தள்ளும் வீல்சேரை, கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நடமாட்டத்துக்கு ஒரே காலத்தில் ஒரு சாதனத்துக்குத்தான் பணம் என்பது பல திட்டங்களின் விதி, அதை ஏற்றுக்கொண்டால் அடுத்த சில வருடங்களுக்கு "ஏற்கெனவே ஒன்று கொடுத்திருக்கிறோம்" என்ற புது மறுப்பு வரலாம். பவர் நாற்காலி கோரிக்கையை இது பாதிக்குமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கும் வரை கையெழுத்துப் போட வேண்டாம். இடைப்பட்ட நாட்களுக்குத் தள்ளும் வீல்சேர் தேவையென்றால் கிளினிக்கின் சமூகப் பணியாளரைக் கேளுங்கள், இரவலாக வாங்கிப் பயன்படுத்த அநேகமாக அவருக்கு இடம் தெரிந்திருக்கும்.